ஃபண்ட் மேனேஜர் மாறினால் யூனிட்களை விற்றுவிட வேண்டுமா?

“2017 ஜூன் முதல் ஒரு ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டு வந்தேன். இந்த 2025 மே மாதத்தோடு 96 தவணை முடிந்தது, அத்துடன் நிறுத்தி வைத்திருக்கிறேன். போட்டது 4.80 லட்சம், இன்றைய மதிப்பு 8.10 லட்சம். வாங்கும்போது மல்டிகேப் என்றார்கள். 2021-இல் ஃப்ளெக்ஸிகேப் என்று பெயர் மாறியதாகக் கடிதம் வந்தது. 2022 அக்டோபரில் ஃபண்ட் மேனேஜர் விலகிவிட்டார். மூன்று வருடமாக மற்ற ஃபண்டுகளைவிட மட்டமாகப் போகிறது. எல்லாவற்றையும் விற்று, 10 ரூபாய்க்கு வரும் புது ஃபண்டில் போடச் சொல்கிறார் எங்கள் ஏஜென்ட். மியூச்சுவல் ஃபண்டை விற்கவே கூடாது என்கிறார் என் மைத்துனர். நான் பள்ளி ஆசிரியர், வயது 52. இந்தப் பணம் ஓய்வுக்குத்தான் தேவை, இன்னும் 8 வருடம் இருக்கிறது. என்னிடம் இருந்த மூன்று ஃபேக்ட்ஷீட்டுகளை அனுப்பியிருக்கிறேன். விற்கலாமா?”
– வாசகர், புதுக்கோட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

விற்கலாம் என்பதே என் பதில். ஆனால் ஏஜென்ட் சொல்லும் காரணத்துக்காக அல்ல, அவர் சொல்லும் இடத்தில் போடுவதற்காகவும் அல்ல, ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல. நீங்கள் ஃபேக்ட்ஷீட்டுகளைக் கழித்துக் கட்டாமல் எடுத்து வைத்திருந்தது நல்லதாயிற்று. அவை இல்லாமல் இந்தக் கேள்விக்கு யாரும் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்க முடியாது.

முதலில் பெயர் மாற்றத்தைப் பேசி ஒதுக்கிவிடுவோம். 2020 செப்டம்பரில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஒரு விதி கொண்டுவந்தது: மல்டிகேப் என்று பெயர் வைத்துக்கொண்டால் பெரிய, நடுத்தர, சிறிய கம்பெனிகளின் பங்குகளான லார்ஜ்கேப், மிட்கேப், ஸ்மால்கேப் மூன்றிலும் தலா 25 சதவீதமாவது இருக்க வேண்டும். அதுவரை மல்டிகேப் ஃபண்டுகள் பலவும் பெரும்பாலும் லார்ஜ்கேப் பங்குகளையே வைத்திருந்தன. அவற்றைத் தலைகீழாக மாற்றாமல் இருப்பதற்காக அதே ஆண்டு நவம்பரில் ஃப்ளெக்ஸிகேப் என்ற புதிய வகையைச் செபி அனுமதித்தது. நிறைய ஃபண்டுகள் பெயரை மாற்றிக்கொண்டு, கையில் உள்ள பங்குகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவை அப்படியே வைத்துக்கொண்டன. உங்கள் ஃபண்டும் அப்படித்தான் செய்தது என்பது 2020, 2022 ஆண்டுகளின் இரண்டு ஃபேக்ட்ஷீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. ஆகவே அந்தக் கடிதம் விற்பதற்கான காரணமாக இருக்கவில்லை. ஒரு திட்டத்தின் அடிப்படைத் தன்மையையே மாற்றும்போது, விற்கும்போது பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடு இல்லாமல் வெளியேற ஃபண்ட் நிறுவனம் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அப்படி ஒரு கடிதம் வந்தால் மூன்று பத்தியையாவது படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவகாசம் தருகிறார்கள் என்பதாலேயே வெளியேறியாக வேண்டும் என்பதில்லை. எக்ஸிட் லோடு இல்லை என்றாலும் லாபத்துக்கு வரி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி ‘மட்டமாகப் போகிறது’ என்பதைப் பார்ப்போம். மொபைல் செயலியில் ‘3 வருட வருமானம்’ என்று ஒரு எண் தெரியும். அது இன்றைக்கும் சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே தேதிக்கும் இடைப்பட்ட கணக்கு. அந்தத் தொடக்க நாளில் சந்தை சரிந்து கிடந்திருந்தால் எண் பெரிதாகும், உச்சத்தில் இருந்திருந்தால் சிறுத்துப் போகும். ஒரு மாணவனின் ஒரே ஒரு பரீட்சை மதிப்பெண்ணை வைத்து ஆண்டு முழுவதையும் நீங்கள் எடை போட மாட்டீர்கள். அதனால் ஒவ்வொரு மாதக் கடைசியிலிருந்தும் பின்னோக்கி மூன்று ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு, அந்த வரிசை முழுவதையும் குறியீட்டின் வரிசையோடு ஒப்பிடுவதே எங்கள் வழக்கம். இதை ரோலிங் ரிட்டர்ன் என்பார்கள். ஒப்பிடும் குறியீடும் சரியாக இருக்க வேண்டும். உங்களுடையது நிஃப்டி 50-ஓடு ஒப்பிட வேண்டிய ஃபண்ட் அல்ல, நிஃப்டி 500-ஓடு ஒப்பிட வேண்டியது. அதிலும் டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்த வருமானக் குறியீட்டோடு. 2018 பிப்ரவரி முதல் ஃபண்ட் நிறுவனங்களே அந்தக் குறியீட்டோடுதான் தங்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று செபி சொல்லிவிட்டது.

அப்படிப் போட்டுப் பார்த்ததில் உங்கள் ஃபண்டுக்கு மூன்று பருவங்கள் தெரிகின்றன. 2018 முதல் 2020 வரை குறியீட்டைவிட ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதப் புள்ளி பின்தங்கியது. 2021, 2022 இரண்டிலும் நன்றாக முந்தியது. 2023-க்குப் பிறகு மறுபடியும் ஆண்டுக்குச் சுமார் 3 புள்ளி பின்தங்குகிறது. இதில் ஒரு பங்கு கமிஷனால் வருவது. ஏஜென்ட் மூலம் வாங்கியதால் நீங்கள் இருப்பது கமிஷன் அடங்கிய ரெகுலர் பிளான்; ஃபேக்ட்ஷீட்டின்படி அதன் செலவு விகிதம் ஃபண்ட் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானைவிடக் கிட்டத்தட்ட 0.9 புள்ளி அதிகம். குறியீட்டுக்குச் செலவே கிடையாது. ஆகவே ஃபண்ட் மேனேஜரின் கணக்கில் எழுத வேண்டியது 3 புள்ளி அல்ல, 2 புள்ளிக்குச் சற்று மேல்.

முதல் பின்தங்கலும் இரண்டாவது பின்தங்கலும் எண்ணில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவதில் விற்றிருக்கக் கூடாது, இரண்டாவதில் விற்க வேண்டும் என்கிறேன். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அதிலிருந்தே வந்துவிடும். அதனால் இதில் சற்று நின்று பேசுகிறேன்.

உங்கள் பழைய ஃபண்ட் மேனேஜர் மலிவு பார்த்து வாங்குகிறவர். 2020 ஃபேக்ட்ஷீட்டில் அவர் வைத்திருந்தவை கடன் பிரச்சினையில் அடிபட்ட வங்கிகள், பொதுத்துறை மின் நிறுவனங்கள், கட்டுமான இயந்திரங்கள் செய்யும் பழைய கம்பெனிகள். இத்தகைய பங்குகளை அந்தக் காலத்தில் சந்தை சீந்தவில்லை. தனியார் வங்கிகளில் சிலவும், பெயின்ட், சோப்பு, பிஸ்கட் கம்பெனிகளும்தான் என்ன விலை கொடுத்தாவது வாங்கப்பட்டன. அந்தப் பாணியில் முதலீடு செய்த எல்லோருமே அப்போது அடி வாங்கினார்கள். ஹெச்டிஎஃப்சி மியூச்சுவல் ஃபண்டில் 2003 முதல் இருந்த பிரசாந்த் ஜெயின்கூட அந்த ஆண்டுகளில் அவர் நிர்வகித்த பெரிய ஃபண்டுகள் பின்தங்கியதற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். அவர் பாணியை மாற்றவில்லை. 2021-இல் காற்று திரும்பியபோது அந்த ஃபண்டுகள் விட்டதைப் பிடித்தன. 2020-இல் பொறுமையிழந்து வெளியேறியவர்கள் நஷ்டத்தை மட்டும் அனுபவித்து, மீட்சியைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

ஆகவே ‘எவ்வளவு பின்தங்கியது’ என்பதோடு நிறுத்தாமல், ‘அந்தப் பாணியே பின்தங்கியதா, இல்லை இந்த ஃபண்ட் மட்டும் பின்தங்கியதா’ என்று கேட்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மலிவான பங்குகளை மட்டும் தொகுக்கும் நிஃப்டி 500 வேல்யூ 50 போன்ற பாணிக் குறியீடுகள் உள்ளன. 2018 முதல் 2020 வரை அந்தக் குறியீடும் தளர்ந்து கிடந்தது, உங்கள் ஃபண்டும் தளர்ந்து கிடந்தது. அதாவது மேனேஜர் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார், அவருக்கான பருவம் வரவில்லை. ஆனால் 2023-இலும் 2024-இன் முற்பகுதியிலும் நடந்தது வேறு. பொதுத்துறைப் பங்குகளும் மின் துறைப் பங்குகளும் ஏறிய ஏற்றம் நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். வேல்யூ குறியீடு பொதுச் சந்தையை வெகுவாக முந்தியது. மலிவு பார்த்து வாங்கும் ஃபண்ட் என்று நீங்கள் நம்பி வைத்திருந்த ஃபண்ட், மலிவுப் பங்குகளுக்குப் பொற்காலமாக அமைந்த அதே நேரத்தில் பின்தங்கியிருக்கிறது. மழை பெய்யாத ஆண்டில் விளைச்சல் இல்லை என்றால் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. நல்ல மழை பெய்தும் விளைச்சல் இல்லை என்றால், வயலில் என்ன விதைத்தார்கள் என்று போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

போய்ப் பார்த்தேன். 2022 மார்ச் ஃபேக்ட்ஷீட்டில் 41 பங்குகள். லார்ஜ்கேப் 72 சதவீதம், மிட்கேப் 18, ஸ்மால்கேப் 6, மீதி ரொக்கம். 2025 ஏப்ரல் ஃபேக்ட்ஷீட்டில் 78 பங்குகள். லார்ஜ்கேப் 44, மிட்கேப் 24, ஸ்மால்கேப் 29. முதல் பத்து இடங்களில் இருந்த பழைய பங்குகளில் இரண்டு மட்டுமே இன்னும் அங்கே இருக்கின்றன. ஃபேக்ட்ஷீட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘போர்ட்ஃபோலியோ டர்ன்ஓவர்’ என்று ஒரு வரி இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. 2022-இல் அது 0.28, இப்போது 1.35. தோராயமாகச் சொன்னால், முன்பு ஒரு பங்கை வாங்கினால் சராசரியாக மூன்றரை ஆண்டு வைத்திருந்தார்கள். இப்போது ஒன்பது மாதத்துக்குள் கைமாற்றிவிடுகிறார்கள். பாணி மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. சொல்லில் யாரும் ‘நாங்கள் நீண்ட கால முதலீட்டாளர்கள்’ என்று சொல்லிக்கொள்ளலாம், டர்ன்ஓவர் எண்ணை அப்படி மறைக்க முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். லார்ஜ்கேப், மிட்கேப் விகிதம் மாறிவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பாணி மாறிவிட்டதாகச் சொல்லிவிடக் கூடாது. சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள் லார்ஜ்கேப், 101 முதல் 250 வரை மிட்கேப், 251-இலிருந்து ஸ்மால்கேப் என்று வகுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி பட்டியல் வெளியிடுகிறது. 240-ஆவது இடத்தில் இருந்த கம்பெனி 260-க்கு இறங்கினால், மேனேஜர் ஒரு பங்கைக்கூட வாங்காமல் விற்காமல் இருந்தாலும் ஃபேக்ட்ஷீட்டில் ஸ்மால்கேப் விகிதம் கூடிவிடும். அதனால் விகிதத்தை விட்டுவிட்டுக் கம்பெனிப் பெயர்களைப் பார்க்க வேண்டும். உங்கள் ஃபண்டின் இன்றைய ஸ்மால்கேப் பங்குகளில் பெரும்பாலானவை 2022 பட்டியலிலேயே இல்லாத பெயர்கள். ஆகவே இது தானாக நேர்ந்த மாற்றம் அல்ல, தேடிப் போய்ச் செய்த மாற்றம்.

எந்த நேரத்தில் செய்தார்கள் என்பது இன்னும் கவலையளிக்கிறது. ஃபண்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு மாதமும் முடிந்து பத்து நாளுக்குள் முழுப் போர்ட்ஃபோலியோவைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அவற்றை எடுத்து வரிசையாகப் பார்த்தபோது கதை துலங்கியது. 2023 தொடக்கத்தில், புது மேனேஜர் பொறுப்பேற்ற முதல் ஐந்து மாதங்களில், பொதுத்துறை வங்கிகளும் மின் நிறுவனங்களும் விற்கப்பட்டன; அந்தப் பணத்தில் நுகர்பொருள், ரசாயனக் கம்பெனிகள் வாங்கப்பட்டன. விற்றவை ஏறின, வாங்கியவை நின்ற இடத்திலேயே நின்றன. பிறகு 2024-இன் பிற்பகுதியில், எல்லோரும் ஸ்மால்கேப் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஃபண்டும் ஸ்மால்கேப்பில் இறங்கியது. ஸ்மால்கேப் குறியீடு அந்த ஆண்டு செப்டம்பர் வாக்கில் உச்சம் தொட்டு, 2025 தொடக்கத்தில் பலமாகச் சரிந்தது. தவறு எல்லோருக்கும் நேரும். ஆனால் நேற்று ஏறியதை இன்று துரத்துவது ஒரு தவறாகத் தெரியவில்லை, அதுவே இப்போது இந்த ஃபண்டின் வழிமுறையாகிவிட்டது போலத் தெரிகிறது.

இதில் எந்த விதியும் மீறப்படவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். லார்ஜ்கேப் ஃபண்ட் என்றால் 80 சதவீதமாவது லார்ஜ்கேப்பில் இருந்தாக வேண்டும், மிட்கேப் என்றால் 65 சதவீதம் மிட்கேப்பில் இருந்தாக வேண்டும். அங்கே பாணி கொஞ்சம் வழுவினாலும் வேலி ஒன்று இருக்கிறது. ஃப்ளெக்ஸிகேப்புக்கு அந்த வேலி இல்லை. மொத்தத்தில் 65 சதவீதம் பங்குகளில் இருந்தால் போதும், எந்த அளவுள்ள கம்பெனியிலும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். 2021-இல் பெயர் மட்டும் மாறியபோது கடிதம் வந்தது. ஃபண்டே மாறியபோது கடிதம் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் சட்டப்படி இல்லை. ஃப்ளெக்ஸிகேப் வாங்குகிறவர் ஒரு மனிதரின் முடிவெடுக்கும் முறையைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார். அதனால்தான் இந்த வகையில் மேனேஜர் மாற்றத்துக்கு மற்ற வகைகளைவிட எடை அதிகம். குறியீட்டு ஃபண்டில் மேனேஜர் மாறினால் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய தேவைகூட இல்லை.

அப்படியென்றால் 2022 அக்டோபரிலேயே விற்றிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டாம் என்பதே என் எண்ணம். மேனேஜர் விலகுவது பார்க்கத் தொடங்க வேண்டிய நாள், விற்க வேண்டிய நாள் அல்ல. மேலே சொன்ன பிரசாந்த் ஜெயின் 2022 ஜூலையில் விலகினார். அவர் கையில் இருந்த ஃப்ளெக்ஸிகேப் ஃபண்டின் பொறுப்பை ரோஷி ஜெயின் ஏற்றார், அடுத்து வந்த ஆண்டுகளிலும் அந்த ஃபண்ட் தளர்ந்துவிடவில்லை. பேர் போன மேனேஜர் போனதும் விற்றவர்கள் அங்கே அவசரப்பட்டவர்கள் ஆனார்கள். (இதை நான் வாங்கச் சொல்வதற்காக எழுதவில்லை.) மேனேஜர் மாறும்போது நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது இதுதான்: நான்கு காலாண்டு பொறுங்கள், ஆனால் அந்த ஓராண்டில் வருமானத்தைப் பார்க்காதீர்கள், போர்ட்ஃபோலியோவைப் பாருங்கள். ஓராண்டு வருமானத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகப் பெரிது, அதை வைத்துப் புதியவரின் திறமையை அளக்கவே முடியாது. ஆனால் அவர் எதை விற்றார், எதை வாங்கினார், எவ்வளவு வேகமாகச் செய்தார் என்பது நான்கு காலாண்டில் தெரிந்துவிடும். பழைய பங்குகளில் பாதிக்கு மேல் தங்கி, டர்ன்ஓவரும் பழைய அளவிலேயே நின்றால், ஆள் மாறினாலும் முறை மாறவில்லை என்று கொள்ளலாம். உங்கள் ஃபண்டில் இந்தச் சோதனையை 2023 அக்டோபரில் செய்திருந்தால் அன்றைக்கே விடை கிடைத்திருக்கும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று சந்தேகம்தான். சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்தப் பணம் இருந்த ஒரு ஃபண்டில் இதேபோல் மேனேஜர் மாறினார். அந்த நிறுவனத்தின் பெயர் மீது எனக்கு இருந்த மரியாதையால் இரண்டு ஆண்டுகள் ஃபேக்ட்ஷீட்டைத் திறக்கவேயில்லை. ஊருக்கெல்லாம் திறந்து பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். திறந்தபோது அதில் இருந்த கம்பெனிகளில் பாதி எனக்கு அறிமுகமே இல்லாதவை.

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. சந்தை இறங்குகிறது என்பதற்காக விற்கக் கூடாது என்பது சரி. ஆனால் நீண்ட காலம் இருக்க வேண்டியது பங்குச் சந்தையில்; குறிப்பிட்ட ஒரு ஃபண்டில் அல்ல. விற்ற பணத்தை அன்றே வேறொரு பங்கு சார்ந்த ஃபண்டில் போட்டால் உங்கள் நீண்ட கால முதலீடு ஒரு நாள்கூட நிற்கவில்லை என்றே பொருள்.

ஏஜென்ட் சொல்லும் புது ஃபண்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 10 ரூபாய் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலை 10 ரூபாய் என்பது, மலிவு அல்ல. 10 ரூபாய் யூனிட்டும் 400 ரூபாய் யூனிட்டும் ஒரே பங்கை வைத்திருந்தால் ஒரே சதவீதம்தான் ஏறும். புது ஃபண்டுக்குக் கடந்த காலமே கிடையாது. மேலே நாம் செய்த எந்தச் சோதனையையும் அதில் செய்ய முடியாது. 2018 அக்டோபரில் செபி முன்கூட்டிய கமிஷனை நிறுத்திவிட்டு, முதலீடு இருக்கும்வரை ஆண்டுதோறும் தரும் கமிஷனை மட்டும் அனுமதித்தது. ஆனால் சிறிய ஃபண்டுகள் கூடுதல் செலவு விகிதம் வைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு, அதனால் விநியோகஸ்தருக்குப் புது ஃபண்டில் கமிஷன் கூடுதலாகக் கிடைப்பது இயல்பு. அவர் தீய எண்ணத்தோடு சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பழைய ஃபண்டில் அவருக்கு என்ன விகிதம் கிடைக்கிறது, புதியதில் என்ன கிடைக்கும் என்று நேரடியாகக் கேளுங்கள், சொல்ல வேண்டிய கடமை அவருக்கு உண்டு.

இனி எப்படி விற்பது என்பது. இங்கே வரிதான் முக்கியம். உங்கள் 96 தவணைகளில் கடைசி 12 இன்னும் ஓராண்டைத் தாண்டவில்லை. அவற்றை இப்போது விற்றால் லாபத்துக்கு 20 சதவீதம் வரியும், உங்கள் ஃபண்டின் விதிப்படி 1 சதவீதம் எக்ஸிட் லோடும் போகும். அவற்றின் மதிப்பு ஏறக்குறைய 63,000 ரூபாய்தான், அவசரமில்லை, இருக்கட்டும். மீதி 84 தவணைகளுக்கு நீங்கள் போட்டது 4.20 லட்சம், இன்றைய மதிப்பு சுமார் 7.47 லட்சம், லாபம் 3.27 லட்சம். பங்கு சார்ந்த நீண்ட கால மூலதன ஆதாயத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். இன்றே எல்லாவற்றையும் விற்றால் 2.02 லட்சத்துக்கு வரி 25,250 ரூபாய், 4 சதவீத செஸ் சேர்த்தால் 26,260 ரூபாய்.

இந்த நிதியாண்டின் விலக்கை இப்போதும், அடுத்த ஆண்டின் விலக்கை 2026 ஏப்ரலிலும் பயன்படுத்தினால், சந்தை இதே இடத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டால், வரி செஸ்ஸோடு 10,010 ரூபாயாகக் குறையும். மிச்சம் 16,250 ரூபாய். அதற்கு விலையாக, சுமார் 5.4 லட்சம் ரூபாய் இன்னும் பத்து மாதம் அந்த ஃபண்டிலேயே இருக்கும். இதுவரை பின்தங்கிய அளவிலேயே இனியும் பின்தங்கினால் அதனால் இழப்பது 13,400 ரூபாய் அளவுக்கு வரும். வரி மிச்சம் உறுதியானது, பின்தங்கல் ஊகம். ஆகவே உங்கள் நிலையில் இரண்டாகப் பிரிப்பதையே நான் விரும்புவேன். பின்தங்கல் இதைப் போல இரு மடங்காக இருந்திருந்தால் வரியைக் கட்டிவிட்டு இன்றே வெளியேறச் சொல்லியிருப்பேன். வரிக்குப் பயந்து மோசமான ஃபண்டில் தங்குகிறவர்கள், அந்த வரி என்றைக்கானாலும் கட்ட வேண்டியதுதான் என்பதையும், இப்போது விற்று வாங்கினால் புது யூனிட்களின் அடக்க விலை இன்றைய விலையாக உயர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதல் கட்டமாக எவ்வளவு விற்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்த யூனிட்டை விற்பது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். பழைய யூனிட்களில் லாபத்தின் பங்கு அதிகம். அதனால் மொத்தத்தில் 8.10 லட்சத்துக்கு 3.30 லட்சம் லாபம் என்ற விகிதத்தை வைத்துக்கொண்டு, 3 லட்சம் ரூபாய்க்கு விற்றால் லாபம் 1.25 லட்சத்துக்குள்தான் இருக்கும் என்று போட்டால் கணக்கு தப்பிவிடும். என் மதிப்பீட்டில் முதல் 17 தவணை யூனிட்கள், அதாவது ஏறக்குறைய 2.10 லட்சம் ரூபாய் மதிப்புள்ளவை விற்றாலே 1.25 லட்சம் லாபம் எட்டிவிடும். இது சராசரி வளர்ச்சியை வைத்துப் போட்ட கணக்கு. சரியான எண்ணுக்கு உங்கள் ஃபண்டின் பதிவாளர் கேம்ஸா, கேஃபின்டெக்கா என்று பார்த்து, அவர்களின் தளத்திலிருந்து யூனிட் வாரியான விவரத்தை எடுங்கள். 2017 ஜூன் முதல் 2018 ஜனவரி வரை வாங்கிய எட்டுத் தவணைகளுக்கு 2018 ஜனவரி 31-ஆம் தேதி என்.ஏ.வி. உங்கள் வாங்கிய விலையைவிட அதிகமாக இருந்தால் அதையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் உண்டு. அதனால் வரிக்குரிய லாபம் சற்றுக் குறையும். உங்களிடம் நேரடிப் பங்குகள் ஏதேனும் இருந்து, அவற்றையும் இந்த ஆண்டில் லாபத்தோடு விற்றிருந்தால் அந்த லாபமும் இதே 1.25 லட்சத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

விற்ற பணத்தை எங்கே போடுவது என்பதற்கு, இந்தக் கடிதத்தில் நான் ஃபண்ட் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை போர்ட்ஃபோலியோவைப் பிரித்துப் பார்க்க உங்களுக்கு மனம் இருந்தால், பழைய ஃபண்டைப் போலவே மலிவு பார்த்து வாங்குகிற, டர்ன்ஓவர் குறைவாக உள்ள, மேனேஜர் குறைந்தது ஐந்து ஆண்டு அங்கேயே இருக்கிற ஒன்றின் டைரக்ட் பிளானைத் தேடலாம். அந்த வேலை வேண்டாம் என்றால் நிஃப்டி 500 குறியீட்டு ஃபண்ட் போதும். அதில் மேனேஜர் மாற்றம், பாணி மாற்றம் என்ற இரண்டு கவலையும் இராது, குறியீட்டைவிட வெகுவாகப் பின்தங்கும் கவலையும் இராது. நிறுத்தி வைத்திருக்கும் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை இந்த மாதமே அங்கே தொடங்கிவிடுங்கள், அதற்கு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விற்பனை விண்ணப்பத்தில் ‘அனைத்து யூனிட்களும்’ என்ற கட்டத்தில் குறி போடாமல், யூனிட் எண்ணிக்கையை எழுதுங்கள். மாலை 3 மணிக்குள் கொடுத்தால் அன்றைய என்.ஏ.வி. கிடைக்கும், இரண்டு வேலை நாளில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். வாங்கும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, வந்த அன்றே போட்டுவிடுங்கள். 2026 ஏப்ரலில் மீதியை விற்கும்போது கடைசி இரண்டு தவணைகள் மட்டும் ஓராண்டை முடித்திருக்காது. 2024 ஜூனிலிருந்து 2025 மார்ச் வரை போட்டவை ஏப்ரல் நடுவில் முடித்திருக்கும். அந்த இரண்டையும் ஜூனில் எடுத்துவிட்டு ஃபோலியோவை மூடிவிடலாம்.